அடுத்த வருடம் என்ற வரி

வாழ்த்து அட்டைக் கடைக்காரனிடம் அட்டை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் குறைவு. உள்ளே எழுத நாலு வரியும் சேர்த்துக் கேட்பார்கள். நீங்களும் துக்க வீட்டுக்கு எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென விழித்திருப்பீர்கள்.

அழகான வரிகள்

எண்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் கடை. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் செல்வம் வந்தான். கிள்ளானில் இருக்கும் தங்கை வசந்தாவுக்கு ஒன்பதாம் மாதம். பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும்.

யோசிக்கவே இல்லை. ‘கவலைப்படாதே. உனக்கு வயதிருக்கிறது. அடுத்த வருடம் உன் வீட்டில் தொட்டில் ஆடும்’ என்று சாய்வெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். செல்வம் இரண்டு முறை படித்தான்.

“அண்ணே, நீங்க கடையில உக்கார வேண்டிய ஆளே இல்ல லா!”

திரும்பி வந்த அட்டை

நான்காம் நாள் அதே அட்டையோடு வந்து நின்றான். நேரில் கொடுத்திருக்கிறான். படித்துவிட்டு அவன் கையிலேயே திணித்தாளாம். அதன் பிறகு இரண்டு முறை போயும் அவள் கதவைத் திறக்கவில்லை.

“அடுத்த வருஷம் வரப்போறது வேற யாரோ, செத்தது என் பொண்ணுன்னு சொல்லிட்டாண்ணே.”

அடித்த வரிகள்

புது அட்டைக்கு உட்கார்ந்தோம். செல்வம் சொல்லச் சொல்ல நான் கோடு போட்டு அடித்தேன். ‘கடவுள் சித்தம்’ போயிற்று. ‘முகம் பழகுவதற்குள் போனதே’ போயிற்று. ‘நல்லவேளை, உனக்கு ஒன்றுமில்லை’ என்றான். நல்லவேளை என்று தொடங்கும் எதுவும் வேண்டாம் என்றேன்.

“பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தாங்களா?”

“பொறக்கறதுக்கு முன்னாடியே போன பிள்ளைக்கு ஏதுண்ணே பேரு?”

கடைத் தொலைபேசியைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே தங்கை புருஷனை அழைத்துக் கேட்டான். வெகுநேரம் காதில் வைத்திருந்தான். வைத்த பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: கவிதா. மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னாராம்.

“நீங்கதான் மச்சான் மொதல்ல கேக்கறீங்க.”

உப்பு

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ‘வசந்தா, கவிதா போனது எனக்கும் துக்கம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. போன அட்டையில் எழுதியது தப்பு. சனிக்கிழமை மீன் குழம்பை வாசலில் வைத்துவிட்டுப் போவேன். கதவைத் திறக்க வேண்டாம், பதிலும் வேண்டாம்.’ ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்று முடிக்கத்தான் செல்வம் கேட்டான். என்ன வேண்டுமென்று யோசித்துக் கேட்பது அவளுக்கு இன்னொரு வேலை என்றேன். இவ்வளவு பெரிய அட்டையில் இத்தனூண்டுதானா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். தபாலில் போட்டான்.

முதல் சனிக்கிழமை குழம்பை வைத்துவிட்டு வந்தான். கதவு அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை சட்டியை வைத்துவிட்டுத் திரும்பியபோது பின்னால் தாழ்ப்பாள் சத்தம். வசந்தா நின்றிருக்கிறாள்.

“போன வாரம் உப்பே இல்லண்ணே. உள்ள வந்து உக்காரு, கவிதாவப் பத்திச் சொல்றேன்.”

அட்டையில் காலியிடம் அதிகம் என்று சொல்லி இதுவரை யாரும் என்னிடம் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.