ஒன்பதாம் மாடிக்கு எத்தனை மில்லிமீட்டர்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த கட்டடம் கடலுக்கு மிகக் கிட்ட. பல்கனியில் நின்றால் ரயில் பாதைக்கு அப்பால் அலை தெரியும். வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் புகழ்வார்கள். அந்தக் காற்றிலே வருகிற உப்பு யன்னல் கம்பியையும் லிப்ட் கதவையும் மெதுவாகத் தின்றுகொண்டிருப்பதை யாரும் புகழ்வதில்லை. நான் தண்ணீர்க் குழாய்களும் பம்புகளும் வடிவமைக்கிற பொறியியலாளர். அதனால் என் கண் முதலில் துருவில்தான் போய் விழும். நல்ல குணம் என்று சொல்லமாட்டேன்.

ஒரு நாள் பகல் கரண்ட் நின்றது. அந்த நேரம் நிலத்தடித் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் சட்டென்று நின்றதும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பிக் கீழே வந்தது. திரும்பி வருகிற தண்ணீரை மறிக்கிற வால்வு அடித்து மூடியது. கட்டடத்தின் மேற்குச் சுவரோடு ஏறுகிற அந்தக் குழாய், ஒரு இணைப்புக்குச் சற்று மேலே, திருகுப் புரி வெட்டிய இடத்தில் பிளந்துபோனது. நாலாம் மாடியில் காயப் போட்டிருந்த உடுப்பெல்லாம் நனைந்தது.

கீழ் மாடிக்காரருக்குப் பெரிய கஷ்டமில்லை. நகரக் குழாயின் அழுத்தத்திலேயே வாசல் பைப்பில் தண்ணீர் வரும், வாளியோடு வந்து பிடித்துப் போனார்கள். கஷ்டப்பட்டது ஒன்பதாம் மாடி அன்ரி. எழுபத்தைந்தைத் தாண்டியவர், கணவர் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மகள். அந்த மகளுக்குப் பிறந்தது முதல் பேச்சில்லை, தானாக எதுவும் செய்துகொள்ள முடியாது. காலையில் குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீருக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஆசை தீருமட்டும் கன நேரம் இருப்பாள். அது நடந்தால்தான் சாப்பிடுவாள், உடுப்பு மாற்ற விடுவாள். குழாயைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் தலையைச் சுவரில் அடிப்பாள். வாளித் தண்ணீரைக் கோப்பையால் ஊற்றிக் காட்டி அவளை ஏமாற்ற முடியாது. அந்த வாரம் முழுவதும், அவளைத் தடுக்கப் போன அன்ரியின் நெற்றியிலும் கையிலும் நகக்கீறல் இருந்தது. லிப்டில் என்னைக் கண்டபோது சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

குழாயைக் கழற்றிய பிளம்பர் பாஸிடம் வெடித்த துண்டை வாங்கி வேர்னியர் அளவியால் அளந்தேன். உள்ளேயும் வெளியேயும் துரு. கட்டடம் கட்டிப் பதினைந்து வருடம். வருடத்துக்குச் சுமார் பத்திலொரு மில்லிமீட்டர் போயிருந்தது. முழுக் குழாயையும் மாற்றத்தான் வேண்டும் என்றேன். என்ன குழாய் போடுவது என்று கணக்குப் பார்த்துத் தரும்படி கட்டடத்துக் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எதையும் சுருக்கமாக, எழுத்தில் கேட்பவர்.

கணக்கு பெரிய வித்தையல்ல. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, உருக்கு தாங்கக்கூடிய தகைப்பின் இரண்டு மடங்கால் பிரித்தால் குழாய்ச் சுவரின் தடிப்பு வந்துவிடும். அழுத்தத்தைச் சரியாக எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் சும்மா நின்றால் கட்டடத்தின் உயரத்துக்கு மூன்று பார் அழுத்தம்தான். ஆனால் கரண்ட் போய் வால்வு அடிக்கும்போது அதற்கு மேலே இன்னும் பதின்மூன்று பார் ஏறலாம். ஆகவே பதினாறு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 1.6 நியூட்டன். இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் அறுபது மில்லிமீட்டர். நீளவாக்கில் பற்றவைத்த அந்த மலிவுத் தையல் குழாய்க்கு, தையலின் பலவீனத்தையும் கழித்து, அதே அலகில் எண்பது தகைப்பு எடுத்தேன். விடை 0.6 மில்லிமீட்டர்.

இந்த விடையைப் பார்க்கிற எவருக்கும் சிரிப்புத்தான் வரும். தகரப்பேணியை விடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் அது அழுத்தம் கேட்கிற பங்கு மட்டும். அதற்கு மேலே, இணைப்பில் புரி வெட்டும்போது ஒன்றரை மில்லிமீட்டர் போகும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கலாம். மிச்சமிருப்பதுதான் துருவுக்கு. பிளாஸ்டிக் போடலாமே என்று கேட்டார்கள். அந்தக் குழாயில் எழுதியிருக்கிற அழுத்தம் குளிர்நாட்டுத் தண்ணீருக்கானது. பின்னேர வெயில் முழுக்க விழுகிற மேற்குச் சுவரில் அது பத்தில் ஆறு பங்கைத்தான் தாங்கும். துருப்பிடிக்காத உருக்கு என்று நான் வாயெடுத்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான ஹார்ட்வெயார் முதலாளியிடம் போனேன். முஸ்லிம் மனிசர், வியாபாரத்தில் பொய் பேசாதவர். ஒரே அளவுக் குழாய் மூன்று வகை வைத்திருந்தார்: மண்ணிற வளையம் போட்டது மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு தடித்தது; தடிப்போடு விலையும் ஏறும். வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், ஏனென்றால் ஒரே இணைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தவேண்டும். தடிப்பு உள்ளுக்குள்தான் கூடும். வெட்டிய முனையின் வாயில் அளந்தால் மட்டும் தெரியும். சிவப்பை இப்ப யாரும் கேக்கிறல்ல, ரெண்டு வருஷமா அதே இடத்தில கிடக்கு என்றார்.

வீட்டுக்கு வந்து கழித்துப் பார்த்தேன். சிவப்பு நாலரை மில்லிமீட்டர். எல்லாம் போகத் துருவுக்கு இரண்டு மிஞ்சும், இருபது வருடம். நீலத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு. மண்ணிறம் மூன்றுக்கும் சற்றுக் குறைவு. அதில் மிஞ்சுவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து வருடம், மிஞ்சினால் ஆறு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அழுத்தமும் விட்டமும் தகைப்பும் இந்தக் கட்டடத்தின் குழாயைத் தெரிவு செய்யப் போவதில்லை. மூன்று குழாயும் முதல் நாளில் பதினாறு பாரைத் தாங்கும். தெரிவு செய்யப் போவது ஒரே ஒரு கேள்வி: இந்த வீட்டில் எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள்?

கூட்டம் கீழே வாகனத் தரிப்பிடத்தில், பிளாஸ்டிக் கதிரை போட்டு நடந்தது. தடிப்புக் கூடினால் கூட வருடம் நிற்கும் என்று சொல்லிவிட்டு நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இரண்டாம் மாடி ஹாஜியாருக்குத் தெஹிவளையில் வீடு முடியப் போகிறது, அடுத்த பெருநாளுக்குள் போய்விடுவார். ஐந்தாம் மாடித் தம்பதிக்கு மகன் கனடாவிலிருந்து பேப்பர் அனுப்பியிருக்கிறான். ஆறாம் மாடிக்காரர் லண்டனிலிருந்து போனில் முகம் காட்டி, தான் வருடத்துக்கு இரண்டு கிழமைதான் வருவது, பெரிய தடிப்பு எதற்கு என்று கேட்டார். இன்னும் நாலைந்து வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, திறப்பு காவலாளியிடம்தான் தொங்குகிறது. அவர்களின் வாக்கெல்லாம் தலைவரின் போனில் தம்ஸ்-அப்பாக வந்து விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் மூன்று வருடம் என்றுதான் சொல்லியிருப்பேன். வாடகைக்காரியை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாடி அன்ரி கடைசிக் கதிரையில் இருந்தார். மகளை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்ள ஆளைப் பிடித்துவிட்டு வந்திருந்தார். எழும்பாமலே சொன்னார்.

"எனக்குச் சிவப்புப் பைப்தான் வேணும். நான் போனாப் பிறகும் என்ர மகள் இஞ்சதான் இருக்கப்போறாள். அவளுக்கு வேற இடமில்லை."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் மோசம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு பாவப்பட்டார்கள். தலைவர் மட்டும், கெட்ட மனிதர் அல்ல, மிக மெதுவாகச் சொன்னார், பிறகு மாத்தவேணும் எண்டால் அப்ப மாத்தலாம்தானே அக்கா என்று. அப்போது யார் கூட்டம் கூட்டுவது, யார் பாஸைக் கூப்பிடுவது, பேச்சில்லாத ஒருத்தி ஒன்பதாம் மாடியிலிருந்து யாருக்குச் சொல்வது என்று நான் கேட்டேன். பிள்ளை சொல்லுறதும் சரிதான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சொன்னவர்களும் மண்ணிறத்துக்கே கை தூக்கினார்கள்.

குழாய் வந்தது, சுவரோடு பொருத்திப் பூட்டியாயிற்று. வால்வின் அடி குறையட்டும் என்று மெதுவாக மூடுகிற ஒன்றையும் கேட்டிருந்தேன். அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள். புரி வெட்டிய இடமெல்லாம் துருத்தடுப்புப் பூசச் செய்தேன். பூச்சு கொஞ்சக் காலம் தாமதப்படுத்தும், உப்பைத் தடுத்து நிறுத்தாது. தண்ணீர் மேலே ஏறிய அன்று பாஸ் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கசியவில்லை. எல்லாருக்கும் சந்தோசம். முதல் நாளில் எதுவும் கசியாது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அன்ரி என் கதவைத் தட்டினார். தட்டில் மூடி வடை கொண்டுவந்திருந்தார். மகள் அன்று காலை அமைதியாக இருந்தாளாம், குழாயடியில் கன நேரம் சிரித்தாளாம். நான் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஒளிக்காமல் சொல்லு பிள்ளை. இது எத்தனை வருஷம் நிக்கும்?"

"அஞ்சு வருஷம் அன்ரி. கூடினால் ஆறு."

அவர் மனதுக்குள் எதையோ கூட்டினார். தன் வயதை, பிறகு மகளின் வயதை. நான் வெட்டுவாயில் அளந்து அளந்து செய்த அதே கணக்குத்தான்.

"காணும், அவ்வளவு போதும்," என்றார். "அதுக்குள்ள கடவுள் அவளை எடுத்திட்டால் காணும். எனக்கு முதல் அவள் போகவேணும். ஒவ்வொரு வெள்ளியும் கோயில்ல அதைத்தான் கேக்கிறனான். பெத்த தாய் இப்பிடிக் கேப்பாளோ எண்டு நினைக்காதை."

துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிப்பதில்லை, பூச்சும் பூசியிருக்கிறது, எட்டு ஒன்பது வருடம்கூடப் போகலாம் என்று சொன்னேன். என் தொழிலில் நான் தெரிந்துகொண்டே சொன்ன பொய் அது. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அன்ரியின் முகம் மாறியது.

"எட்டு வருஷம் நான் இருக்கமாட்டன், பிள்ளை," என்றார். "அவள் மட்டும் மிஞ்சவேண்டாம். நீ முதல் சொன்னதே இருக்கட்டும்."