புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி ஷிம் செய்தது. இரண்டு இரும்புப் பாகங்களை இணைக்கும்போது நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தால், அதை அடைக்க வைக்கும் மெல்லிய தகடுதான் ஷிம். எங்களிடம் இருந்ததிலேயே மெல்லியது 0.025 மில்லிமீட்டர். ஊதினால் பறக்கும். அதற்கு மேல் 0.050, 0.075, 0.100, 0.125 என்று ஏறிக்கொண்டே போய் ஒரு மில்லிமீட்டரில் முடியும். தரப் பிரிவில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு இவற்றை அளப்பது என் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்து சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் மாதத்துக்கு ஒரு புது ஷெட் எழும்பிக்கொண்டிருந்த காலம்.

பெங்களூரில் ஒரு கண்காட்சி வந்தது. அதற்குப் புது கேட்லாக் அடிக்க வேண்டும் என்று மார்க்கெட்டிங் மேனேஜர் கிளம்பினார். சென்னைக்காரர், நன்றாகப் பேசுவார், ஒரு ஷிம்மையும் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. கனம் எழுதிய பட்டியலை என்னிடம் கேட்டார். எக்செலில் அடித்து, எல்லா எண்ணுக்கும் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வைத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து முதல் புரூஃப் வந்தது. பார்த்ததும் தலை சுற்றியது. எண்கள் எல்லாம் கட்டத்தின் நடுவில் நின்றன. 0.1, அதற்குக் கீழே 0.125, அதற்குக் கீழே 0.15, அப்புறம் 0.2. கடைசிப் பூஜ்யங்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. நடுவில் நிறுத்தியதால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினால் எது பெரியது, எது சிறியது என்று தெரியவில்லை. 0.5 சின்னதாகவும் 0.025 பெரியதாகவும் தெரிந்தன, எழுத்து அதிகம் என்பதால்.

சிவப்புப் பேனாவால் திருத்தி மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

“இதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லம்மா. நீயே டிடிபி கடைக்குப் போய்ச் சொல்லிடு,” என்றார்.

பாகலூர் சாலையில் ஒரு மாடியில் இருந்தது அந்த டிடிபி கடை. அங்கே வேலை பார்த்த ஆபரேட்டர் வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், போனில் தெலுங்கு பேசுகிற ஆள். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் நிறைய அடித்துப் பழகியவர்.

“நடுவுல வெச்சா தான் மேடம் அழகு. பத்திரிகைல பேரெல்லாம் எப்படி வெப்போம்?”

“இது பேரு இல்லீங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு புள்ளி நேரா நிக்கணும். அப்பதான் வாங்குதவங்களுக்குத் தெரியும்.”

“அவ்ளோதானே?” என்று ஸ்பேஸ் பாரைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு தட்டினால் புள்ளி போதவில்லை. இரண்டு தட்டினால் தாண்டிப் போனது. ஒரு மணி நேரம் தட்டி ஏதோ நேராகக் கொண்டுவந்தார். அப்புறம், எழுத்து மெலிசாக இருக்கிறதே என்று வேறு எழுத்துரு மாற்றினார். எல்லாம் மறுபடி கலைந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து கரண்டும் போனது. சேமிக்கவில்லை.

கரண்ட் வந்ததும் நான் அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேஜ்மேக்கரில் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கிற டேப் பட்டையைத் திறக்கச் சொன்னேன். அதில் நான்கு குறி இருந்தன: இடது, வலது, நடு. நான்காவது ஒரு அம்பும் அதன் பக்கத்தில் புள்ளியும்.

“அது என்னதுங்க?”

“தெரியல மேடம். நான் தொட்டதே இல்ல.”

“தொடுங்க.”

அதை வைத்து ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ஒரு டேப் மட்டும் கொடுத்தார். எண்கள் எல்லாம் நகர்ந்து, புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து நின்றன. பிறகு எழுத்துருவை மாற்றினாலும் கலையவில்லை. நாலைந்து வருடமாக அந்த மென்பொருளில் வேலை செய்கிற மனிதர், “அடடா, இது இங்கதான் இருந்துச்சா!” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. விட்டுப்போன பூஜ்யங்களைச் சேர்த்தோம். 0.1 என்பது 0.100 ஆனது. மூன்றாம் இடம்வரை அளந்துதான் சொல்கிறோம் என்று அந்தப் பூஜ்யம் சொல்கிறது. அதைத் தூக்கியெறிய யாருக்கும் உரிமையில்லை என்று அவரிடம் விளக்கினேன். தலையாட்டினார். வாஷர் வடிவத்துக்கு ஒரு பட்டியல், பட்டை வடிவத்துக்கு ஒரு பட்டியல். இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

கேட்லாக் அச்சாகி வந்தபோது நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் கண்காட்சியும் முடிந்து, ஆர்டரும் வந்து, சரக்கும் போய்விட்டது. வந்த இரண்டாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி போன் செய்தார். சரக்கைத் திருப்பி அனுப்புகிறாராம்.

“உங்க கேட்லாக்ல 0.03ன்னு இருக்கு மேடம். நாலு ஷிம் போட்டா 0.12 ஆகணும். நாங்க நாலையும் சேத்து அளந்தா 0.10தான் வருது. எங்க மிஷின்ல இன்னும் கேப் இருக்கு. என்ன குவாலிட்டி பாக்கறீங்க நீங்க?”

“சார், 0.03ன்னு ஒரு ஷிம்மே நம்மகிட்ட கிடையாது.”

“கேட்லாக் என் கையில இருக்கும்மா!”

ஓடிப்போய் ஸ்டோரிலிருந்து ஒரு பிரதி எடுத்தேன். புள்ளிகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நின்றன. ஆனால் எல்லா எண்ணிலும் பின்னால் இரண்டு இடம்தான். வாஷர் பட்டியலில் 0.02, 0.07, 0.12. பட்டைப் பட்டியலில் 0.03, 0.08, 0.13. இரண்டும் ஒரே தகடுகள்தான். ஒரே 0.025 ஒரு பக்கத்தில் 0.02 ஆகவும், புரட்டினால் 0.03 ஆகவும் இருந்தது. நேராக நிறுத்தி வைத்ததில் தப்பு எண்களுக்கும் ஒரு மரியாதை வந்திருந்ததுதான் கொடுமை.

டிடிபி ஆபரேட்டருக்குப் போன் போட்டேன்.

“உங்க மேனேஜர்தான் மேடம் போன்ல சொன்னாரு. மூணு நம்பர் நெரிசலா இருக்கு, ரெண்டு ஆக்கிடுன்னாரு. நான் கடைசி நம்பரை எடுத்துட்டேன். ஒரு டேபிள் முடிச்சப்புறம் எங்க ஓனர் பாத்துட்டு, ‘அஞ்சு இருந்தா மேல ஏத்தணும், இஸ்கூல்ல படிக்கலியா’ன்னு திட்டினாரு. அதான் ரெண்டாவது டேபிள்ல ஏத்திட்டேன்.”

“முதல் டேபிளை மறுபடி திருத்தலியா?”

“அது முடிஞ்சிபோச்சே மேடம்.”

போனை வைத்துவிட்டு என் ஃபைலைத் தேடி எடுத்தேன்.

முதலாளி அறையில் விசாரணை. சரக்கு திரும்பி வந்தால் முதலில் தரப் பிரிவைத்தான் கூப்பிடுவார்கள். நான் என் எக்செல் தாளையும் கையெழுத்துப் போட்ட புரூஃபையும் மேஜையில் வைத்தேன். மேனேஜருக்குக் கோபம்.

“சார், 1.000ன்னு போட்டா வெளிநாட்டுக்காரன் ஆயிரம்னு படிப்பான். அவங்க ஊர்ல புள்ளிதான் கமா. அதுக்குத்தான் குறைக்கச் சொன்னேன்.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அதுக்கு முன்னால 0.025ல ஆரம்பிச்சு பதினோரு வரிசை நிக்குதே சார். யாரும் ஆயிரம்னு படிக்க மாட்டாங்க. ஆனா 0.025ஐ 0.03ன்னு போட்டா அஞ்சுல ஒரு பங்கு கனம் கூடுது. ஒண்ணுல தெரியாது. நாலு அடுக்குனா தெரியும்.”

“ரெண்டு இடம் போதும்னுதானே எல்லாரும் போடறாங்க?”

“ரெண்டு இடம்வரை அளக்குதவங்க போடலாம். நம்ம தகடே மூணாவது இடத்துலதான் சார் முடியுது.”

முதலாளி கேட்லாக்கை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். “ரெண்டு பக்கத்துலயும் ஒரே தப்பா இருந்தாக்கூட சமாளிச்சிருக்கலாமேய்யா,” என்று மேனேஜரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “மீதி கேட்லாக்கை எல்லாம் தூக்கிப் போட முடியாது. டேபிள் மேல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. நீயே பாத்துக்கோம்மா,” என்றார். யார் செய்த வேலையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வாய் வரை வந்தது. 

மறுநாள் டிடிபி கடையில் நான் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, ஆபரேட்டர் அடித்தார். ஒட்டும் தாளில் அச்சடித்து வாங்கி வந்தேன். பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஆறு பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒட்டினார்கள். அதில் சூளகிரிப் பக்கத்து அம்மா ஒருவர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ரொம்ப நாள் வயல் வேலைக்குப் போய்விட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தவர். முந்நூறு போல ஒட்டிய பிறகு அவர் கையை நிறுத்தினார்.

“ஏங்கண்ணு, இந்த ஒண்ணு மட்டும் பல்லு போன மாதிரி இருக்குதே?”

“எதும்மா?”

விரலை வைத்துக் காட்டினார். 0.400க்கும் 1.000க்கும் நடுவில் 0.50. புள்ளி சரியாகத்தான் நின்றது. வலது ஓரத்தில் மட்டும் ஒரு எழுத்து அளவுக்கு ஓட்டை. நான் வாசிக்கும்போது ஐந்நூறு என்பதற்குப் பதில் ஐம்பது என்று சொல்லியிருக்கிறேன். புரூஃபையும் நானேதான் பார்த்தேன். ஊரையே திட்டிவிட்டு வந்தவள்.

“அளவு ஒண்ணுதாம்மா. பூஜ்யம் ஒண்ணு விட்டுப்போச்சு,” என்றேன்.

“அப்ப பரவால்லியா?”

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் மற்றவை எல்லாம் மூன்று இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் இரண்டில் நின்றால், பார்க்கிறவன் அது என்ன வேறு ரகமா என்று போன் செய்வான். அந்தப் போனையும் நான்தான் எடுக்க வேண்டும்.

கறுப்புப் பேனா ஒரு டஜன் ஸ்டேஷனரியிலிருந்து வாங்கி வந்து, ஒவ்வொரு பிரதியிலும் நானே ஒரு பூஜ்யம் எழுத ஆரம்பித்தேன். மற்ற பூஜ்யங்களின் உயரத்துக்கு, அதே சாய்வில், மேலும் கீழும் போகாமல். நூறு தாண்டியதும் விரல் வலித்தது. நடுவில் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தார்.

“இத யாரும்மா பாக்கப் போறாங்க?”

நான் அடுத்த பிரதியை எடுத்தேன். அந்த அம்மாதான் பதில் சொன்னார்: “நான் பாத்தேனுங்க சார்.”

அவர் பிரதியை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் எழுதினேன். திரும்பி வந்த சரக்குக்குப் பதிலாக வேறு கனத்தில் ஷிம் அனுப்பி, பெங்களூர்க்காரரைச் சமாதானப்படுத்தினோம். அவர் ஸ்டிக்கர் ஒட்டிய கேட்லாக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அளவுப் பட்டியல் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். அடுத்த வருடப் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டியபோது, அவரே கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, இந்தப் பூஜ்யத்தையெல்லாம் எடுத்துட்டா கொஞ்சம் காலியா, பளிச்சுன்னு இருக்குமில்ல?”