கரைக்கு விட்ட வரி

பாசிர் ரிஸ் அடுக்ககத்தின் பதினோராம் மாடி "காரிடாரில்" சாயங்காலக் காற்று உப்பு வாடையோடு வரும். அந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு நஸ்ரினின் குரல்தான் கேட்கிறது.

அடுத்த வீட்டுக்காரியான அவளும் நானும் ஆறாம் வகுப்பில், தமிழ் மொழி விழாப் போட்டிக்காக, கடலும் கரையும் பேசிக்கொள்ளும் பாட்டு ஒன்று எழுதினோம். முதலில் எல்லாவற்றையும் நானே எழுதினேன், அதிகப்பிரசங்கி நான். கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய வாப்பா சிரிக்காமல் சொன்னார்: "ரெண்டு பேரு பாடுற மாதிரி இல்லம்மா. ஒரே ஆளு தொண்டைய மாத்திப் பாடுற மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து ஒருத்தி வரியை இன்னொருத்தி தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கரை நான், கேள்வி கேட்பேன். கடல் அவள், பதில் சொல்வாள். வரிக்கு நாலே சீர். தொடையில் தட்டிப் பார்த்து, நாலில் அடங்காததை அடித்துவிடுவோம். அவள் முடித்த சொல்லில் நான் தொடங்க வேண்டும், நான் முடித்ததில் அவள்; சொல்லின் வால் மட்டும் மாறலாம். ஒரே நோட்டு; எழுதியவள் அதைப் பையில் போட்டு மற்றவள் வீட்டுக் "கேட்டில்" மாட்டிவிடுவாள்.

"பதித்த காலடி எல்லாம் எங்கே" என்று நான் கேட்டேன்.
"எங்கே போகும் என்னுள் வாழும்" என்றாள் அவள்.
"வாழும் என்றால் மீண்டும் வருமா?"
"வருமே கரையே வருமே நாளை."
"நாளை வரைக்கும் காத்தே இருப்பேன்" என்று நான் முடித்தேன்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு அவள் வாப்பா மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். பாட்டு நின்றுபோகும் என்று நினைத்தேன். ஆனால் போட்டியன்று காலை நோட்டு எங்கள் கேட்டில் தொங்கியது. வரிகள்தான் மனப்பாடமாயிற்றே என்று நான் அதைத் திறக்கவில்லை.

மேடையில், "மீண்டும் வருமா?" என்று நான் கேட்டதும் நஸ்ரின் என்னையே பார்த்துப் பாடினாள்: "வராது கரையே போனது போச்சு."

"போச்சு" என்றுதான் நான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பழையபடியே "நாளை வரைக்கும் காத்தே இருப்பேன்" என்று பாடி முடித்தேன். கைதட்டினார்கள், இரண்டாம் பரிசுகூடக் கிடைத்தது.

கீழே இறங்கியதும் கேட்டாள். "நோட்ட தொறந்து பாக்கலயா?"

"எல்லாம் தெரிஞ்சதுதானே லா."

வீட்டுக்கு வந்து திறந்தேன். தன் வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருந்தாள். அதன் கீழே என் வரியையும் அடித்திருந்தாள். அதுவரை என் வரியை அவள் தொட்டதே இல்லை. அதற்கும் கீழே "கரை" என்று எழுதி, எனக்காக ஒரு வரி இடம் விட்டிருந்தாள்.

அந்த வருடக் கடைசியில் அவர்கள் வீடு மாறிப்போனார்கள். இப்போது எப்போதாவது சிராங்கூன் சாலையில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்கிறோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் என் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து அதை எடுத்தேன். "போச்சு" என்று எழுதினேன். இன்னும் மூன்று சீர் வேண்டும்.