டாக்டர் வீட்டுச் சாவியும் பிடித்தப் பணமும்

மலைமேல் ஜமுனாமரத்தூரில் நான் கட்டிய டாக்டர் குடியிருப்புக்கு டாக்டர் வரவேயில்லை. மலைக்கு மாற்றல் என்றதும் சிபாரிசு தேடி ஓடுகிறவர்கள்தான் அன்று அதிகம். வேலையை அரசாங்கத்திடம் எடுத்தவர் வேலூர் கான்ட்ராக்டர். அவரிடமிருந்து சப்-கான்ட்ராக்ட் எடுத்தவன் நான். ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்துக்கொண்டுதான் அவர் மீதியைத் தந்தார். வேலை முடிந்து ஒரு வருஷத்துக்குள் கூரை ஒழுகினாலோ சுவர் விரிசல் விட்டாலோ என் செலவில் நான் சரிசெய்ய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பிடித்தம். வருஷம் நல்லபடியாகப் போனால் திருப்பித் தருவார்.

வேலை முடிந்ததாக இளநிலைப் பொறியாளர் சான்றிதழ் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. நீங்களே வைத்திருங்கள், ஏதாவது பழுது வந்தால் திறக்க உதவும் என்றார்.

இந்த வேலையை ஆரம்பிக்க என் மனைவியின் சங்கிலியைக் கலசப்பாக்கத்தில் அடகு வைத்திருந்தேன். அவளே கழற்றிக் கொடுத்தது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. பிடித்தப் பணம் வந்ததும் முதலில் அந்தச் சங்கிலியை மீட்க வேண்டும் என்று இருந்தேன். அடகுக் கடைக்காரர் அதற்குள் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். தை முடிவதற்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும் என்றார்.

மழை பெய்தால் மறுநாள் பஸ் ஏறி மலைக்குப் போவேன். கூரையைப் பார்ப்பேன், ஜன்னல்களைத் திறந்து வைப்பேன். முதலில் மாலைக்குள் இறங்கிவிடுவேன். பிறகு கடைசி பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட ஆரம்பித்தேன். ஒரு பாய், ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு சட்டி கொண்டுபோனேன். சமையலறை மூலையில் மூன்று கல் வைத்துச் சாமைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். வாரச்சந்தையில் உப்பு, மிளகாய் வாங்கும்போது, டாக்டர் எப்போது வருவார் என்று மலைக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கென்ன தெரியும்? வராமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். என் புத்தி அப்படி.

வருஷம் முடிந்ததும் கடிதம் எழுதினேன். வேலை முடிந்த தேதி, ஒவ்வொரு பில்லிலும் பிடித்த தொகை, ஒழுகலோ விரிசலோ இல்லை என்ற விவரம், தொகையைத் தரும்படி வேண்டுகோள். சான்றிதழின் நகலையும் இணைத்து வேலூருக்கு நேரில் கொண்டுபோனேன். கான்ட்ராக்டர் நிதானமாகப் படித்தார்.

“சாவி உங்கையிலதானே கீது? வூட்டயே ஒப்படைக்காம வருஷம் முடிஞ்சிட்சின்னு எழுதினா இன்னா அர்த்தம்?” என்றார்.

வீட்டைப் பார்த்துக்கொண்டதற்கு இதுவா கூலி என்று பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பொறியாளர் பார்த்து, குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் தருகிறேன் என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பினார்.

பொறியாளர் சின்ன வயசுக்காரர், நியாயஸ்தர். வருஷக் கணக்கு சான்றிதழ் தேதியிலிருந்துதான், சாவி யாரிடம் இருந்தால் என்ன என்றார். எனக்கு உயிர் வந்தது. மலைக்கு வந்து கூரை, தரை, கதவு எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. சமையலறையில் நின்றுவிட்டார். மூலைச் சுவர் மேலே வரை கறுத்திருந்தது.

“ஆளில்லாத வூட்ல இவ்ளோ கரி எப்டிங்க?”

“நான்தாங்க இருந்தேன்,” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: “எங்க வூட்ல யாரும் இல்லீங்க.”

அவர் சுவரில் விரலை வைத்துக் கரியைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, இது வேலையில் உள்ள குறை இல்லை, ஆனாலும் வெள்ளையடித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதைவிட மரியாதையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

சுண்ணாம்பு கரைத்து நானே அடித்தேன். முதல் பூச்சில் கரி மறையவில்லை. காயவிட்டு இன்னொரு பூச்சு அடித்தேன். நான் அங்கே இருந்ததற்கு வேறு அடையாளம் இல்லை. அதையும் என் கையாலேயே அழிக்கிறேன் என்று தெரிந்து, அழுதுகொண்டேதான் அடித்தேன். மூன்று கல்லையும் வெளியே எறிந்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

கான்ட்ராக்டர் முழுத்தொகையும் கொடுத்தார். குறை சொல்லக்கூடாது. அன்றே கலசப்பாக்கம் போய் வட்டியும் முதலும் கட்டிச் சங்கிலியை மீட்டேன். சட்டைப் பையில் அது இருந்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு. பஸ் நிலையத்துக்கு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மலையில் இந்நேரம் பெய்யும், ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று நினைத்து மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட்டுக்குப் பைக்குள் கை விட்டேன். சாவி வழக்கமாக இருக்கும் இடத்தில் சங்கிலி இருந்தது. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார்.