படம் இல்லாத அறுபத்து மூன்று கேள்விகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘எது மேடம்’ என்று பெயர் விழுந்து வெகுநாளாயிற்று. யார் வந்து “இது ஓகேவா?” என்று கேட்டாலும், அவள் வாயில் முதலில் வருவது “எது?” என்பதுதான். வீட்டிலும் அதே கதை. கணவர் குளியலறையிலிருந்து “இது போதுமா?” என்று கத்துவார். இவள் சமையலறையிலிருந்து “எது?” என்று கத்துவாள். “உன்னோட ஒரு வார்த்தை பேச முடியுதா?” என்று அவர் அலுத்துக்கொள்வார். அவள் என்ன செய்வாள் பாவம், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்கும் கண் அவளுக்குக் கிடையாது. அப்படிப்பட்ட கண் தங்களுக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது.

அவள் கட்டட எஞ்சினியர். வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி. மாடியில் நான்கு மேசை, ஒரு கண்ணாடி அறை. அந்தக் கண்ணாடி அறையில் பெரிய சார் இருந்தார். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு மேஸ்திரியும் படம் எடுத்து அலுவலக போனுக்கு அனுப்ப வேண்டும். ‘இது சரியா?’ என்று கேட்க வேண்டும். ‘சரி’ என்று பதில் வந்த பிறகுதான் கொட்டலாம். கொட்டிவிட்டால் கம்பி உள்ளே போய்விடும், அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது. இத்தனை வருடமும் பெரிய சார்தான் அந்த போனை வைத்திருந்தார். அவருக்கு வேறு வேலை கூடிப்போனதால், இந்த வாரம் திங்கட்கிழமைதான் அது இவள் மேசைக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்த போன் டிங் என்றது. ‘இது சரியா?’

படம் இல்லை. எந்த வீடு, எந்தத் தளம், எதுவும் இல்லை. அனுப்பியவர் கம்பெனியிலேயே மூத்த மேஸ்திரி. மற்றவர்கள் சுவர் எழுப்பினால் நூல் பிடித்துப் பார்ப்பார்கள். அவர் எழுப்பின சுவரைப் பார்த்து நூலைச் சரிபார்க்கலாம் என்று கேலியாகச் சொல்வதுண்டு.

‘எது அண்ணே? படம் வரல’ என்று அனுப்பினாள்.

‘நம்ம வேலைதான் மேடம்’ என்று பதில் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் நடக்கிற பதினோரு வேலையும் நம்ம வேலைதான். ஒருவேளை சிக்னல் கிடைக்காமல் படம் மட்டும் எங்கேயாவது மாட்டிக்கொண்டதோ என்று பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் ருசிக்க ஆரம்பித்தது.

போன வாரமும் ‘இது சரியா?’ என்று ஒன்று இருந்தது. படம் இல்லை. கீழே பெரிய சாருடைய ‘சரி’. அதற்கு முந்தின வாரம், அதற்கும் முந்தின மாதம், எல்லாம் அப்படியே. கேள்வி, சரி. கேள்வி, சரி. இரண்டு பேரும் பந்து இல்லாமலே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டே மேலே போனாள். அறுபத்து மூன்று.

அதற்கும் மேலே போனபோது படங்கள் வந்தன. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு படம், அளவு நாடாவை வைத்து, பக்கவாட்டிலிருந்து, அழகாக எடுத்தவை. கொஞ்ச நாளில் நாலு இரண்டாயிற்று. பிறகு ஒன்று, அந்த ஒன்றிலும் பாதியை மேஸ்திரியின் கட்டைவிரல் மறைத்திருந்தது. அதற்கும் ‘சரி’ வந்திருந்தது.

படம் நின்றுபோன நாள் எது என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. தேடிப் பிடித்தாள். அன்று மழை போலிருக்கிறது. பத்து இருபதுக்குக் கேள்வி வந்திருக்கிறது. பத்து இருபத்தொன்றுக்கு ‘சரி’. பத்து நாற்பத்தைந்துக்கு, ‘இப்பத்தான் படம் போகுது சார்’ என்று மேஸ்திரி படத்தை அனுப்பியிருக்கிறார். படம் வருவதற்கு இருபத்து நாலு நிமிடம் முன்னாலேயே பதில் போய்விட்டது. அந்தப் படத்துக்குப் பிறகு அவர் படமே அனுப்பவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது? பார்க்காதவருக்கு எதற்குப் படம்?

போன் அடித்தது. மேஸ்திரிதான்.

“மேடம், கான்கிரீட் வண்டி வந்து நிக்குது. சரின்னு ஒரு வார்த்தை போட்டு விடுங்க.”

“எதுக்குண்ணே சரி போடணும்?”

“முதல் மாடித் தளம். முன்னாடி நாலடி பால்கனி நீட்டியிருக்கு. எல்லாம் கட்டியாச்சு.”

“படம் எடுத்து அனுப்புங்க, உடனே பாத்துச் சொல்றேன்.”

“சார் இதெல்லாம் கேக்க மாட்டாரு மேடம்.” குரல் லேசாகச் சூடேறியது. “நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீங்க பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டீங்க.”

“அதுவும் சரிதான். ஆனா நான் எதைப் பாத்து சரின்னு சொல்றது, சொல்லுங்க?”

அவர் வைத்துவிட்டார். கண்ணாடி அறையிலிருந்து பெரிய சார் எட்டிப் பார்த்தார். மேஸ்திரி அங்கேயும் பேசிவிட்டார் போல.

“ஏம்மா, அவரைப் போய் சோதிக்கிறியே. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். வண்டியில கலந்த சரக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தாங்காது, தெரியும்ல? போட்டு விடு.”

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மற்ற மூன்று மேசைக்காரர்களும் கம்ப்யூட்டரைக் கூர்ந்து பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அவரை நம்புறேன் சார். அவர் கேக்குறாரே, சரியான்னு? தெரிஞ்சா ஏன் கேக்கணும்?”

“அது சும்மா ஒரு வழக்கம்மா.”

“அப்போ நீங்க சொல்ற சரியும் வழக்கமா சார்?”

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். பெரிய சார் உள்ளே போனார். நாளைக்கு இந்த மேசை நமக்கு இருக்குமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் கை ‘சரி’யைத் தட்டவில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கீழே தூண் கிடையாது. கையை முன்னால் நீட்டி வாளியைத் தொங்கவிட்டால் தோளின் மேல்புறம்தான் இழுபடும், பால்கனியும் அப்படித்தான். அதனால் முக்கியமான கம்பி மேல்பக்கம் இருந்தாக வேண்டும். கீழே இருந்தால் அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

பத்து நிமிடம் கழித்துப் படம் வந்தது. தெருவிலிருந்து எடுத்தது, பலகை, முட்டு, மேலே கொஞ்சம் வானம்.

‘கம்பி தெரியல அண்ணே. மேல ஏறி, பால்கனியில பக்கவாட்டுல நாடா வச்சு ஒண்ணு எடுங்க.’

நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது. பார்த்துவிட்டார். பதில் இல்லை. திட்டிக்கொண்டே ஏணியில் ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. படம் வரவில்லை, போன்தான் அடித்தது.

“மேடம்.” அந்தக் குரலில் சூடே இல்லை. “மேல்கம்பி மொத்தமும் கீழ உக்காந்திருக்கு. நேத்து சாயங்காலம் நான் கட்டி முடிச்சுப் பாத்தப்ப மேலதான் இருந்துச்சு. காலையில கரண்டு பைப் போட வந்தவங்க மிதிச்சு மிதிச்சு... நாடா வச்சதும்தான் தெரிஞ்சுது. மேலிருந்து முக்கா அங்குலம் இருக்க வேண்டியது, மூணரை காட்டுது.”

“வண்டி கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு?”

“நாப்பது நிமிஷம்.”

“தூக்கிக் கட்ட எவ்வளவு ஆகும்?”

“ஆறு பேர் இருக்கோம். கம்பிய வளைச்சு அடியில முட்டுக் குடுத்து நிறுத்தினா, இருபது நிமிஷம்.”

“செய்யுங்க. முடிச்சதும் படம். பலகைய அடுக்கி அதுமேல நடந்தே கொட்டச் சொல்லுங்க, கம்பி மேல யாரும் கால் வைக்கக் கூடாது.”

பதினெட்டாவது நிமிடம் நாலு படம் வந்தது. நாடா வைத்து, பக்கவாட்டிலிருந்து, ஆறு வருடத்துக்கு முந்தின அதே அழகோடு. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ‘முதல் மாடித் தளம், முன்பக்கப் பால்கனி, நாலு படமும் பார்த்தேன். சரி’ என்று அனுப்பினாள். அந்த போனில் இவ்வளவு நீளமான சரி இதற்கு முன் போனதில்லை.

பெரிய சார் வெளியே வந்து, அவள் மேசையருகே நின்று, போனை வாங்கிப் பார்த்தார். மேலே மேலே தள்ளினார். தன்னுடைய சரிகளையெல்லாம் ஒருமுறை பார்த்தார். “அவர் பாத்திருப்பார்னு நான் இருந்துட்டேன்” என்றார் மெல்ல.

“நீங்க பாப்பீங்கன்னு அவர் இருந்திருக்கார் சார்.”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுடைய புத்தி சும்மா இருக்கவில்லை. அறுபத்து மூன்றில் எத்தனை சுவர், எத்தனை படிக்கட்டு, எத்தனை பால்கனி? ஒரு தாளை எடுத்து, தேதியை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் எந்த வீடு என்று எழுத ஆரம்பித்தாள். பெரிய சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினாலு வீட்டில் பால்கனி இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேஸ்திரியிடமிருந்து செய்தி வந்தது. கூடவே படமும் இருந்தது. கட்டி முடித்து மூன்று நான்கு வருடமான ஒரு பால்கனி. கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு சின்ன சைக்கிள் கம்பிக் கைப்பிடியில் சாய்ந்திருந்தது.

‘என் பொண்ணு வீடு. நான்தான் கட்டினேன். இது சரியா மேடம்?’

படத்தை விரலால் பெரிதாக்கினாள். வெள்ளைப் பூச்சு, பளிச்சென்று இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் வெறும் பூச்சுதான். இந்தத் தடவை எது என்று கேட்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் பதிலும் அந்தப் படத்தில் இல்லை. அந்த மனிதர் எங்கே நின்றுகொண்டு இதை எடுத்திருப்பார் என்று நினைத்தாள்.

அவரைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணே, படத்துல தெரியாது. கான்கிரீட்டுக்குள்ள கம்பி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பாக்கற கருவி வாடகைக்குக் கெடைக்கும். அதை வாங்கிட்டு இப்பவே நான் வரேன்.”

“நல்லாத்தான் இருக்கும்ல மேடம்? நாலு வருஷமா நிக்குதே.”

சரி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டே எழுத்து, அவருக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

“தெரியலண்ணே” என்றாள். “நான் வர்ற வரைக்கும் குழந்தையை அங்க விடாதீங்க.”