சந்தனப் பொட்டுக்கு அடியில் நூற்றிருபது

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்கள் திரும்பும் சாலையில் என் வீடு. முன்பக்கத்து அறையில் என் மகள் கேம் கடை வைத்திருக்கிறாள். சுவர் நிறைய ஒரு டிவி, அதற்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸில் தட்டுகிற ரகம் இல்லை. உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று செங்கல் கனத்தில் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் டிவிக்குப் போகும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நாற்காலியில் சாய்ந்து அந்த டிவியில் கால்பந்து ஆட்டம் ஆடுவார்கள். கதவோரம் என் நாற்காலி. சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எண் அப்படியில்லை, எட்ட இருந்தே படிப்பேன். ஆட்டம் ஓடும்போது டிவியின் மேல் மூலையில் ஒரு எண் தெரியும். ஒரு நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு அது என்று மகள் சொல்லியிருக்கிறாள். எங்கள் கடையில் அது நூற்றிருபது. இந்த வட்டாரத்தில் மற்றக் கடைகளில் அறுபதுதான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனிகளுக்கு லீவு. அன்று மத்தியானம் இரும்பு உருக்கும் கம்பெனி ஆட்களுக்கும் டயர் கம்பெனி ஆட்களுக்கும் எங்கள் கடையில் போட்டி. ஒரு பக்கம் ஐந்து பேர், ஒவ்வொருவராக நேருக்கு நேர். போட்டி நல்லபடியாக நடந்தால் இரண்டு கம்பெனி ஆட்களும் இனி ஞாயிறுதோறும் இங்கேயே ஆடுவதாகப் பேச்சு. இல்லாவிட்டால் திருவள்ளூரில் புதிதாகத் திறந்திருக்கும் கடைக்குப் போய்விடுவார்கள். பஸ் ஏறினால் ஆயிற்று. கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையை நம்பி இறங்கியவள் என் மகள். காலையிலிருந்து நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை.

முதல் ஆட்டம் ஆரம்பித்தது. பந்தை உதைத்த டயர் கம்பெனிக்காரர் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? நான் பட்டன அமுக்கினு ஒரு டீ குடிச்சிட்டு வந்தப்பறம் அவன் காலத் தூக்கறான்!"

எதிரணிக்காரர் சிரித்தார். "தோக்கறதுக்கு முன்னாடியே சாக்கா?"

"உனக்குக் கண்ணு இன்னா பின்னாடியா கீது? பந்து இழுத்துக்கினு போவுது பாரு!"

நான் மூலையைப் பார்த்தேன். அறுபது.

"ஏம்மா, எண்ணு பாதியாய்ட்டுக்குது!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். மகள் ஓடி வந்தாள். ஆட்டத்தை நிறுத்தி, செட்டிங்ஸில் அந்த எண்ணை மாற்றுகிற ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தைத் திறந்தாள். பட்டியலில் அறுபதுக்கு மேல் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று இருக்கும் பக்கத்தையும் திறந்து பார்த்தாள். அங்கேயும் அதே அறுபது. படம் பளிச்சென்று தெரிவதற்கான எச்.டி.ஆர். பொத்தானும் அமுங்கவில்லை. இந்த டிவிக்கு அது கிடையாது என்று ஒரு வரி வந்து நின்றது.

"கார்டு பூட்ச்சா?" என்றார் டயர் கம்பெனிக்காரர்.

"கார்டு பூட்டா படமே வராதுண்ணா, கொஞ்சம் இருங்க" என்றாள்.

படத்தின் அளவை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துப் பார்த்தாள். உடனே பட்டியலில் நூற்றிருபது வந்துவிட்டது. ஆனால் அவ்வளவு பெரிய டிவியில் ஆட்டக்காரர்களின் முகமெல்லாம் மழையில் நனைந்த போஸ்டர்போல மொழுக்கென்று ஆனது.

"இத்தப் பாக்கறதுக்கு நான் என் செல்லுலயே ஆடிக்குவேன்கா" என்றார் ஒருவர். இன்னொருவர் செருப்பைத் தேடினார்.

நான் எழுந்து வாசலை அடைத்தமாதிரி நின்றேன். "லீவு நாள்ல எங்க ஓடறீங்க? உக்காருங்க. டீ வருது."

"ஆயா, கதவ உடு ஆயா..."

"ஆயா இல்ல, அம்மா. உக்காரு."

உட்கார்ந்துவிட்டார்.

மகள் அசையாமல் நின்று வாய்க்குள் பேசிக்கொண்டிருந்தாள். "முந்தாநேத்து நூத்தியிருவது. கார்டும் அதான், கேபிளும் அதான். நேத்து இன்னா செஞ்சோம்?" சட்டென்று சுவரோரம் நின்ற தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "நேத்து கேபிளக் கழட்டனது யாரு?"

என் மாப்பிள்ளை வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிறவர். ஆயுத பூஜை என்றால் ஸ்பானரிலிருந்து கிரேன் வரை பொட்டு வைத்துப் பழகியவர். எங்கள் டிவியையும் விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, குழைத்த சந்தனத்தைக் கை தாராளமாக அப்பியிருந்தார்.

"நான்தான். கழட்டன மாரியே சொருவிட்டேனே" என்றார் பாவம்.

"எந்த ஓட்டையில?"

"ஓட்டை ஓட்டைதான? நாலும் ஒரே மாரி கீது!"

"ஐயோ! நாலு இருந்தாலும் ஒண்ணுதாங்க இந்தப் பெரிய படத்த நூத்தியிருவதுல வாங்கும். எச்.டி.ஆருக்கும் அந்த ஒண்ணுலதான் திறந்து வுட்டுக்கிறேன். பக்கத்துலயே எழுதிக்குமே!"

டிவியின் பின்னால் கை நுழையும், தலை நுழையாது. மகள் செல்லை உள்ளே விட்டுப் படம் எடுத்து எங்களுக்குக் காட்டினாள். நான்கு ஓட்டைகள் வரிசையாக இருந்தன. கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில், எழுத்து இருக்கவேண்டிய இடத்தில், காய்ந்த சந்தனப் பொட்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. நடுவில் குங்குமம் வேறு. கேபிள் அதற்கு முந்தின ஓட்டையில் இருந்தது.

அறை முழுக்கச் சிரிப்பு. "அண்ணன் நூத்தியிருவதையே கும்புட்டு மூடிட்டாரு!"

நான் ஈரத்துணியை நீட்டினேன். மகள் கையை விட்டுத் துடைத்து இன்னொரு படம் எடுத்தாள். இந்தத் தடவை நானே படித்தேன், உரக்க: "நூத்தியிருவது!"

கேபிளை மாற்றினாள். டிவியிலும் அந்த ஓட்டைக்கு மாற்றி, குறைத்த புள்ளிகளையும் பழையபடி கூட்டினாள். எண்களின் பட்டியலைத் திறந்தால் அது நீண்டுகொண்டே போனது. நூற்றிருபதை அழுத்தியதும் டிவி இருண்டுவிட்டது.

"பூட்ச்சு, பூட்ச்சு!" என்று மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்க ஓடினார்.

"தொடாதீங்க மாப்ள!" என்று நானும் மகளும் சேர்ந்து கத்தினோம், அவள் மட்டும் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. மாற்றினால் டிவி கொஞ்சம் மூச்சு வாங்கித்தான் வரும். வந்தது. இப்படியே வைத்துக்கொள்ளட்டுமா என்று நடுவில் ஒரு கேள்வி, பக்கத்தில் நொடிக்கு நொடி இறங்குகிற எண். புருஷனைத் திட்டிக்கொண்டிருந்ததில் என் மகள் கையை வைப்பதற்குள் எண் தீர்ந்து, பழையபடி அறுபதுக்கே போய்விட்டது. அறையில் 'ச்சே' என்று ஒரே குரல். ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்து சண்டை போட்டவர்கள் எல்லாம் இப்போது ஒரே கட்சி.

மறுபடியும் அழுத்தினாள். இருண்டது. படம் வந்த வேகத்தில் மவுஸைத் தட்டினாள். நின்றது!

அடுத்தது எச்.டி.ஆர். இப்போது பொத்தான் அமுங்கியது. டிவி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது, மூலையில் எச்.டி.ஆர். என்று எழுத்து வந்து போனது. திரை கொஞ்சம் சோகை பிடித்தமாதிரி வெளிறித் தெரிந்தது.

"கலரு பூட்ச்சேக்கா!"

"ஆட்டத்துக்குள்ளயும் அத்த ஆன் பண்ணணும். இருங்கண்ணா" என்று உள்ளே போய் அதையும் போட்டாள். டிவியில், பட்டனை அமுக்கியதும் தாமதமில்லாமல் படம் அசைவதற்கான கேம் மோட் ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இருந்தது.

ஆட்டம் திறந்தது. ராத்திரி மைதானம். உயரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றும் வெல்டிங் பொறிபோல் சுட்டன. அதற்குக் கீழே நிழலில் நிற்கிறவனின் சட்டை மடிப்புகூட எனக்குத் தெரிந்தது, கண்ணாடி போடாமலே. மூலையில் நூற்றிருபது. டயர் கம்பெனிக்காரர் பட்டனைத் தொட்டார், பந்து பறந்தது.

"இத்தான்! இத்தான்கா!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அதற்குப் பிறகு யாருக்கும் டீ ஞாபகம் இல்லை. நான் விசில் அடிக்கத் தெரியாதவள், அன்று தட்டைத் தட்டினேன். கடைசி ஆட்டம் சமனில் நின்று, பெனால்டிக்குப் போய், இரும்புக் கம்பெனி ஜெயித்தது. தோற்றவர் முதலில் திரையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். சாக்குச் சொல்ல இடமே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மகளிடம் சொன்னார்: "வர ஞாயித்துக்கெயம நாங்க திருப்பித் தரணும்கா. இதே டிவி. வேற யாருக்கும் குடுத்துறாத."

"எங்களுக்கும் எழுதிக்கோங்கக்கா" என்றார் ஜெயித்தவர்.

மகள் தலையை ஆட்டினாள். அவர்கள் போனதும் அடுக்களைக்கு வந்து, சட்டியில் மிச்சமிருந்த சுண்டலை நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றாள்.

மாப்பிள்ளை டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, பொட்ட அழிச்சிட்டமே, பரவால்லியா?"

"அடுத்த வருசம் மேல, பொட்டி மேல வைங்க மாப்ள" என்றேன். "எண்ணு மேல வேணாம்."