எந்தச் சனிக்கிழமை

1909-ஆம் ஆண்டு ஆவணியில் சுடலைவடிவின் கையில் தொண்ணூற்றைந்து ரூபாய் இருந்தது. அறுபது ரூபாய், காதிலிருந்த பாம்படத்தை அடகு வைத்து வாங்கியது. மீதி, பாளையங்கோட்டைச் சோற்றுக்கடையில் ஒன்பது வருடம் உலை வைத்துச் சேர்த்தது. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் பணத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

நாங்குநேரிப் பக்கம் சாலையை உயர்த்த மண் வேலை தொடங்கியிருந்தது. வேலை நகர நகரச் சோறும் கூடவே நகர வேண்டும். அதனால் கடை வண்டியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். பழைய வண்டி இருபத்தைந்து. மாடு முப்பத்தைந்து. செம்புப் பானையும் வெண்கல உருளியும் பதினான்கு. ஓலைக் கூரை, தகரம் அடித்த அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் சேர்த்து ஆறு. ஆக எண்பது. மீதிப் பதினைந்து அரிசிக்கும் விறகுக்கும்.

மேலப்பாளையத்தில் அரிசிக்கடை வைத்திருந்த தாஜ் முகம்மது இந்தக் கணக்கைக் கேட்டார்.

“ஒரு நாளைக்கு என்ன செலவாவும்?”

“அம்பது பேருக்குக் காலையில கஞ்சி, மத்தியானம் சோறு. அரிசி, பருப்பு, புளி, விறகு, மாட்டுக்குத் தீவனம், எல்லாம் ரெண்டேகால் ரூவா. ஆளுக்கு ஓரணா வாங்குனா மூணு ரூவா ரெண்டணா வரும், அண்ணாச்சி.”

“அது சரியாத்தான் இருக்கு. காசு என்னைக்கு வரும்?”

“சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. மண் வேலை பாக்குற சாலமோன் மேஸ்திரியே சொன்னாரு. அதுவரைக்கும் கடன்தான். வாரத்துக்கு ஆறு நாள், பதிமூணரை ரூவா. கைமுதல் பதினஞ்சு இருக்கு.”

“எந்தச் சனிக்கிழமை?”

சுடலைவடிவு சிரித்துவிட்டாள். “சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான். இதுல எந்தங்கிறது என்ன?”

அவள் வேலை பார்த்த சோற்றுக்கடையில் கூலி அன்றாடம் கைக்கு வந்துவிடும். மண் வெட்டுகிறவர்களின் வழக்கம் வேறு. வெட்டிய குழியை ஓவர்சியர் வந்து அளக்க வேண்டும். அளவு முடிந்து, பில் பாஸாகி, அதற்குப் பிறகு வருகிற சனிக்கிழமைக்குத்தான் அவர்களிடம் சனிக்கிழமை என்று பெயர். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. தன் பாஷையில் சொன்னார்.

புரட்டாசி தொடக்கத்தில் வண்டி சாலையோரம் நின்றது. சோறு நன்றாகப் போயிற்று.

“ஏக்கா, குழம்புல தாமிரபரணி ஓடுதே” என்றான் மண் வெட்டும் ஆள் மாரிக்கண்ணு.

“நீந்தத் தெரிஞ்சவனுக்குத்தான் விளம்புதேன். தெரியாட்டி எந்திரி.”

முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

“பட்டுவாடாவா? இன்னும் அளக்கவே இல்லையேளா” என்றார் சாலமோன். “ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அளவு. காசு வர மூணாவது வாரம் ஆயிரும்.”

கையில் ஒன்றரை ரூபாய் மிச்சம் இருந்தது. அவள் மேலப்பாளையம் போனாள். தாஜ் முகம்மது அரிசியும் கைச்செலவுக்குக் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்தார். வண்டியையும் மாட்டையும் ஈடாக எழுதி வாங்கிக்கொண்டார். அவள் கைநாட்டு வைத்தாள்.

இரண்டாவது வாரக் கடைசியில், ஓவர்சியர் வருவதற்கு முந்தின நாள் மழை பிடித்தது. குழிகள் நிரம்பின. ஆழம் தெரிவதற்காகக் குழி நடுவே வெட்டாமல் விட்டிருந்த மண்திட்டுகள் கரைந்தன. தண்ணீர் வற்றினால்தான் அளப்பேன் என்று ஓவர்சியர் திரும்பிப் போனார். மழை வெறித்த நாட்களில் மேட்டுப் பக்கம் வேலை நடந்தது. காசு மட்டும் வரவில்லை.

“பேசாம வண்டியை ஓட்டிட்டுப் போயிரட்டுமா?” என்று சாலமோனிடம் கேட்டாள்.

“போ. நீ போனா ஆளுவளும் போயிருவானுவ. பெறவு பழைய பாக்கியை யாருகிட்ட வசூலிப்ப?”

அவள் நின்றாள். வழிப்போக்கர்களுக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பார்த்தாள். அந்த மழையில் சாலையில் போகிறவர்களே குறைவு. அரிசிக் கடன் வாரத்துக்கு வாரம் ஏறியது. மாரிக்கண்ணுவும் இன்னும் சிலரும் கூலிக்குக் காத்திருக்காமல் களக்காட்டுப் பக்கம் நடவுக்குப் போய்விட்டார்கள். சாப்பிட்ட பாக்கியும் அவர்களோடு போயிற்று.

வண்டி வந்து நின்ற ஐந்தாவது வாரக் கடைசியில் அளவு நடந்தது. திட்டுகள் கரைந்துபோனதால் ஓவர்சியர் ஆழத்தைக் குறைத்தே எழுதினார். கூலி பாதிக்குப் பாதிதான் வந்தது. சுடலைவடிவுக்கு வர வேண்டியது தொண்ணூற்று மூன்று ரூபாய்க்கு மேல். வந்தது முப்பத்தொன்று. “எங்களுக்கே வயித்துக்கு இல்லக்கா” என்றார்கள். அது உண்மை என்று அவளுக்கும் தெரியும்.

தாஜ் முகம்மதுக்கு ஐம்பத்திரண்டரை பாக்கி. முப்பத்தொன்றையும் அவர் முன் வைத்தாள்.

“இன்னும் ஒரு இருவத்தஞ்சு ரூவா கையில இருந்தா, மூணாவது வாரம் வரைக்கும் தாங்கியிருப்பேனா அண்ணாச்சி?”

“மூணாவது வாரம் வரைக்கும் தாங்கியிருப்ப. மழைக்குத் தாங்கியிருக்க மாட்ட” என்றார் அவர். “இந்த வேலைக்கு நான் சோறு போட்டா, வண்டி, மாடு, பாத்திரத்துக்குப் போட்ட அளவுக்குக் கையிலயும் வச்சிருப்பேன். இல்லாட்டி ஓட்ட வண்டியா வாங்கி மிச்சத்தைக் கையில வச்சுக்கிடுவேன்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“எந்தச் சனிக்கிழமைன்னு கேட்டேன். நீ சிரிச்ச.”

கார்த்திகையில் மாடு இருபத்தெட்டு ரூபாய்க்குப் போனது. தாஜ் முகம்மது தன் பாக்கியை எடுத்துக்கொண்டு ஆறரை ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியை வாங்க ஆள் வரவில்லை. அடகுக்கடையில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. சோற்றுக்கடையில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்திருந்தாள்.

மார்கழியில் சுடலைவடிவு கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலேறினாள்.